காந்தத் திருப்புத்திறனிலிருந்து வடிவம்: இனக்கலப்பா, படிகப் புலமா?

ஓர் அணைவுச் சேர்மத்தின் காந்தத் திருப்புத்திறனை அளந்துவிட்டோம். அதிலிருந்து வடிவத்தைச் சொல்ல இரண்டு வழிகள் இருக்கின்றன: இனக்கலப்பை வைத்துச் சொல்லும் இணைதிறன் பிணைப்புக் கொள்கை, படிகப் புலக் கொள்கை. நான் முதலாவதில் தொடங்கி இப்போது இரண்டாவதோடு நின்றுவிட்டேன். காரணம் நிக்கல்.

எலக்ட்ரானை எண்ணும் வேலை இரண்டிலும் ஒன்றுதான். தனித்த எலக்ட்ரான்களின் எண்ணிக்கை n என்றால், μ = √(n(n+2)) போர் மேக்னட்டான். இரண்டு தனித்த எலக்ட்ரான்களுக்கு √8, அதாவது 2.83. மூன்றுக்கு 3.87.

Ni²⁺ அயனி d⁸. இனக்கலப்பு வழியில் கணக்கு சட்டென்று முடியும். [Ni(CN)₄]²⁻ டயாகாந்தத் தன்மை உடையது என்று தெரிந்ததும் எட்டு எலக்ட்ரான்களையும் நான்கு d ஆர்பிட்டால்களில் இணைத்துவிடலாம். ஒரு d காலியாகிறது, dsp² வருகிறது, வடிவம் தளசதுரம். [NiCl₄]²⁻ பாராகாந்தம், ஆகவே sp³, நான்முகி. நான்கு ஈனிகள் என்று முன்பே தெரிந்து, தளசதுரமா நான்முகியா என்பது மட்டுமே கேள்வி என்றால் இந்த வழி போதும், வேகமும் அதிகம். ஆனால் சயனைடு ஏன் எலக்ட்ரான்களை இணைக்கிறது, குளோரைடு ஏன் இணைப்பதில்லை என்று கேட்டால் இதில் பதில் கிடைக்காது. அளவீட்டைப் பார்த்த பிறகுதான் இனக்கலப்பையே தேர்ந்தெடுக்கிறோம்.

உண்மையான சிக்கல் அடுத்தது. [Ni(H₂O)₆]²⁺ எண்முகி; இதிலும் தனித்த எலக்ட்ரான்கள் இரண்டு. எனவே sp³ நான்முகிக்கும் sp³d² எண்முகிக்கும் கணக்கு ஒரே 2.83-ஐத்தான் தருகிறது. அளந்து பார்த்தால் வேறு கதை. எண்முகி நிக்கல் சேர்மங்கள் பொதுவாக 2.9 முதல் 3.3 வரை காட்டும். சீரான நான்முகிச் சேர்மங்கள் 3.7 முதல் 4.0 வரை போகும். 3.9 என்ற அளவை வாய்பாட்டில் அப்படியே போட்டால் n = 3 என்று வரும்; d⁸ அயனியில் அதற்கு இடமே இல்லை. இந்த இடத்தில் இனக்கலப்பு கைவிட்டுவிடுகிறது.

படிகப் புலம் இதை விளக்குகிறது. எலக்ட்ரானின் தற்சுழற்சி மட்டுமல்ல, அதன் சுற்றுப்பாதை இயக்கமும் காந்தத்தன்மையைக் கூட்டலாம். அதற்கு, ஓர் ஆர்பிட்டாலைச் சுழற்றினால் அது அதே ஆற்றலுள்ள இன்னொன்றின் மேல் பொருந்த வேண்டும். dxz-ஐ z அச்சைச் சுற்றி 90° திருப்பினால் dyz ஆகிவிடும். dz², dx²−y² இரண்டும் வடிவத்திலேயே வேறு, எனவே அவை அப்படி மாறாது. போகும் ஆர்பிட்டாலில் அதே சுழற்சியுள்ள எலக்ட்ரான் ஏற்கெனவே இருக்கவும் கூடாது.

இப்போது நிரப்பிப் பாருங்கள். எண்முகியில் dxy, dxz, dyz மூன்றும் தாழ்ந்த ஆற்றலுள்ள t₂g, dz², dx²−y² இரண்டும் உயர்ந்த eg; எனவே t₂g⁶ eg². t₂g முழுதும் நிரம்பிவிட்டது, நகர இடமில்லை, 2.83-க்கு மேல் கிடைப்பது சுழற்சி-சுற்றுப்பாதைப் பிணைப்பால் வரும் சிறு கூடுதல் மட்டும். நான்முகியில் வரிசை தலைகீழ்: e⁴ t₂⁴. மூன்று t₂ ஆர்பிட்டால்களில் நான்கு எலக்ட்ரான்கள் என்றால் ஒன்றில் இணை, மற்ற இரண்டில் தனித்தவை. இணையில் எதிர்ச்சுழற்சியோடு இருக்கும் அந்த ஓர் எலக்ட்ரான் மூன்று இடங்களுக்கும் மாறலாம். சரி, அந்தக் கூடுதல் 1 போர் மேக்னட்டான் அங்கிருந்துதான் வருகிறது.

இதை வைத்து "நான்முகி என்றால் மதிப்பு கூடும்" என்று மனப்பாடம் செய்யக் கூடாது. Co²⁺ நேர்மாறு. அது d⁷, உயர் சுழற்சி எண்முகியில் t₂g⁵ eg², நகர இடமுண்டு. நான்முகியில் e⁴ t₂³, இடமில்லை. கணக்கிட்ட 3.87-க்கு எதிராக எண்முகி சுமார் 4.7–5.2 தரும், நான்முகி பெரும்பாலும் 4.4–4.8. இரண்டு வரம்புகளும் ஓரத்தில் ஒட்டிக்கொள்வதால் கோபால்ட்டில் நிறத்தையும் பார்ப்பேன்: நான்முகி பொதுவாக ஆழ்ந்த நீலம், எண்முகி வெளிர் சிவப்பு.

நிக்கலிலும் 3.3-க்கும் 3.6-க்கும் நடுவே ஒரு மதிப்பு வந்தால் எண்ணை மட்டும் நம்ப மாட்டேன். நான்முகி உருக்குலைந்தால் t₂ ஆற்றல்கள் பிரிந்து கூடுதல் குறைந்துவிடும். மதிப்பு 0-க்கும் 2.83-க்கும் இடையில் தங்கினால், டயாகாந்தத் தளசதுரமும் பாராகாந்த வடிவமும் கலந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கரைசலில் வெப்பநிலையை மாற்றும்போது மதிப்பும் நிறமும் சேர்ந்து நகர்ந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும்.

Mn²⁺-இல் படிகப் புலத்துக்கும் ஆதாயம் இல்லை. உயர் சுழற்சி d⁵ எந்த வடிவத்திலும் 5.9-ஐ ஒட்டியே இருக்கும். நான் கையாண்டவை பெரும்பாலும் முதல் வரிசை உலோகங்களின் சேர்மங்கள். கீழ் வரிசைகளில் சுழற்சி-சுற்றுப்பாதைப் பிணைப்பு மிக வலுவானது என்பதால் அங்கே இந்த எண்களை அப்படியே கொண்டுபோகத் துணிய மாட்டேன்.