வெர்னியரா மைக்ரோமீட்டரா: கடைசிப் புள்ளிக்கு எதை நம்புவது

பம்பு ஷாஃப்டில் 6205 பேரிங் உட்காரும் இடத்தை எடுத்துக்கொள்வோம். பேரிங்கின் உள்விட்டம் 25 மிமீ, ஷாஃப்டுக்கு டிராயிங்கில் k6 என்று போட்டிருக்கும், அதாவது 25.002-க்கும் 25.015-க்கும் நடுவே நிற்க வேண்டும். வாசலின் அகலமே 0.013 மிமீதான். 50 பிரிவு வெர்னியர் காலிப்பர் 0.02, 0.02 ஆகத்தான் தாவும் என்பதால் அதில் 25.00 வரும், அடுத்து 25.02 வரும், நமக்கு வேண்டிய இடம் அந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. அப்படியென்றால் மைக்ரோமீட்டர் போதும், காலிப்பரைப் பெட்டியில் வைத்துவிடலாம் என்று நானும் நினைத்திருந்தேன், ஒரு ஷாஃப்ட் வீணாகும் வரை.

அன்று ஃபினிஷிங்குக்கு முன் ஷாஃப்டின் உண்மை அளவு 25.47. 25–50 மைக்ரோமீட்டரில் ஸ்லீவில் 25-ஆம் கோடு தெரிகிறது, திம்பிளில் 47. ஆனால் திம்பிள் 50-ஐ நெருங்கும்போது, குறுக்குக்கோட்டுக்குக் கீழே இருக்கும் அரை மில்லிமீட்டர் கோடு திம்பிள் விளிம்பில் லேசாக எட்டிப்பார்க்கும். அதை வந்துவிட்ட கோடாகக் கணக்கில் சேர்த்து 25.97 என்று படித்து, இன்னும் 0.96 எடுக்கணும் என்று லேத்தை ஓட்டினேன். கழன்று வந்தது 24.51. திம்பிள் ஒரு சுற்றுக்கு 0.5 மிமீதான் நகரும், அதனால் வரும் வம்பு இது. பள்ளியில் பார்த்த திருகு அளவிகள் பலவற்றில் புரி 1 மிமீ, தலைக்கோலில் 100 பிரிவு. அந்தப் பழக்கத்தில் வருபவர்களுக்கு அரைக்கோடு என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். திம்பிள் 40-க்கு மேல் காட்டும்போது அரைக்கோடு தெரிந்தால் சந்தேகப்படுங்கள்: அது முழுதாக வெளியே வந்து, அதற்கும் விளிம்புக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருந்தால் மட்டும் சேர்க்கலாம், விளிம்பில் ஒட்டிக்கொண்டு இருந்தால் சேர்க்கக் கூடாது.

அதே இடத்தில் காலிப்பரைப் போட்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். வெர்னியரின் பூஜ்யத்துக்கு இடப்பக்கம் முதன்மைக் கோலில் 25. அப்புறம் எந்த வெர்னியர் கோடு மேலே உள்ள கோட்டோடு நேராக நிற்கிறது என்று தேடினால் 4 என்ற எண்ணுக்கு அடுத்த மூன்றாவது கோடு, அதாவது 0.46, அல்லது அதற்கடுத்த 0.48. இரண்டில் எது என்று கண்ணைச் சுருக்கத் தேவையில்லை, பக்கத்துக் கோடுகளைப் பாருங்கள். ஒரு கோடு சரியாகப் பொருந்தினால் அதன் இரு பக்கத்துக் கோடுகளும் ஒரே அளவில் அதை நோக்கி உள்ளே சாய்ந்திருக்கும். இங்கே அப்படி இல்லாமல் இரண்டு வெர்னியர் கோடுகள் மேலே உள்ள இரண்டு கோடுகளுக்குள் சமமாக அடங்கி நிற்கும், அதாவது அளவு நடுவில் இருக்கிறது. (பொருந்திய இடத்தில் முதன்மைக் கோலில் 48 என்று இருக்கும், அதைப் படிக்க வேண்டாம், அதற்கு இங்கே வேலையே இல்லை.) 25.46-ஓ 25.48-ஓ, 25.97 இல்லை என்பது நிச்சயம்.

அதனால் இப்போது முதலில் காலிப்பர், பிறகு மைக்ரோமீட்டர். முழு எண்ணும் முதல் புள்ளியும் காலிப்பர் சொல்லட்டும், கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் மைக்ரோமீட்டரிடம் கேட்கிறேன். காலிப்பரின் கடைசி இலக்கத்தை நான் நம்பாததற்குக் காரணம் கோடுகள் அல்ல, தாடை. அளவுகோல் ஒரு பக்கம், ஜாப் இன்னொரு பக்கம். தாடை நுனியில் பிடித்து அழுத்தினால் தாடை சாயும், இரண்டு பேர் பிடித்தால் இரண்டு அளவு வரும். மைக்ரோமீட்டரில் திருகும் ஜாப்பும் ஒரே கோட்டில் இருக்கின்றன, அழுத்தத்தை ராட்செட் பார்த்துக்கொள்கிறது. மெதுவாக இரண்டு மூன்று கிளிக், அவ்வளவுதான். திம்பிளைப் பிடித்து இறுக்கினால் அதுவும் காலிப்பர் கதைதான்.

கடைசியில் புதிதாகப் போட்ட ஷாஃப்ட் இப்படிப் படிக்கிறது: ஸ்லீவில் 25, அரைக்கோடு இல்லை, திம்பிளின் பூஜ்யக் கோடு குறுக்குக்கோட்டைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது, ஸ்லீவின் மேல் உள்ள வெர்னியரில் 8-ஆம் கோடு திம்பிளின் ஏதோ ஒரு கோட்டோடு சேர்கிறது. அந்தத் திம்பிள் கோட்டில் என்ன எண் என்பது தேவையில்லை. 25.008. கூட வரும் 25 மிமீ செட்டிங் கட்டையைப் பிடித்துப் பார்த்தபோது 25.002 காட்டியிருந்தால் அதைக் கழித்து 25.006, இன்னும் வாசலுக்குள்தான். ஆனால் லேத்திலிருந்து எடுத்த சூட்டோடு அளந்தீர்களா? கட்டையை விட 20 டிகிரி சூடு அதிகம் இருந்தால் 25 மிமீ எஃகு கிட்டத்தட்ட 0.006 விரிந்திருக்கும். ஆறியதும் அது 25.000, கீழ் எல்லைக்கும் கீழே.