‘இந்த இடம் ஏன் காலி?’: ரெக்ரூட்டரிடம் மூன்று விதமாகக் கேட்கலாம்

ரெக்ரூட்டரின் முதல் அழைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முக்கால்வாசி நேரம் அவர்தான் கேட்பார். கடைசியில் “உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?” என்று ஒரு வாய்ப்பு வரும். அந்த வேலை ஏன் காலியாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அப்போது மூன்று விதமாகக் கேட்கலாம். நான் மூன்றையும் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, நேரடியாக “இந்த இடம் ஏன் காலி?” என்பது. கேட்க எளிது, பதிலும் எளிது: “டீம் வளர்ந்துட்டு இருக்கு.” வாசலில் மாட்டிய போர்டு மாதிரி எல்லோருக்கும் ஒரே பதில். இதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

இரண்டாவது, “இது புதுசா உருவாக்கின இடமா, யாராவது போனதால் நிரப்புகிற இடமா?” இதற்கு மழுப்புவது கொஞ்சம் கஷ்டம். பல நிறுவனங்களில் ஆள் எடுக்க மேலாளர் அனுமதி கேட்கும் படிவத்திலேயே இது புது இடமா, மாற்று ஆளா என்று குறிக்க வேண்டியிருக்கும். அதனால் நிறுவனத்தின் சொந்த ரெக்ரூட்டருக்குப் பதில் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். வெளியிலிருந்து ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிக்காரர் கையில் பெரும்பாலும் வேலை விவரக் குறிப்பு மட்டும்தான் இருக்கும். அவர் “விசாரிச்சுச் சொல்றேன்” என்றால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. விசாரிக்காமலே உடனே பதில் சொல்கிறவரிடம்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

மாற்று ஆள் என்றாலே மோசம், புது இடம் என்றாலே நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. முன்பு இருந்தவர் பதவி உயர்ந்து பக்கத்து டீமுக்குப் போயிருந்தால், சந்தேகம் கேட்க ஆள் உள்ளேயே இருக்கிறார். புது இடத்தில் வேலையின் எல்லையே தெளிவில்லாமல் இருக்கலாம், பட்ஜெட் ஒப்புதல் இன்னும் வராமலும் இருக்கலாம். போனவர் ஏன் போனார் என்று தோண்டினால் ரெக்ரூட்டர் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. அது அவருடைய சொந்த விஷயம். “அவர் எவ்வளவு காலம் இருந்தார்? அவருக்கு முன்னால்?” என்று கேளுங்கள். இரண்டு வருடத்தில் அந்த நாற்காலியில் மூன்று பேர் என்றால், பிரச்சினை அந்த மூன்று பேரிடம் இருந்திருக்க வாய்ப்பு குறைவு.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: “போன வருஷம் இதே சமயத்தில் டீமில் எத்தனை பேர்? இப்போது எத்தனை பேர்? மேலாளர் அவரேதானா?” இதற்கு எண்ணிக்கையில்தான் பதில் சொல்ல வேண்டும், எண்ணிக்கைக்கு மெருகு போடுவது கடினம். தொந்தரவு என்னவென்றால், ரெக்ரூட்டருக்கு இது மனப்பாடமாக இருக்காது. அதனால் அடுத்த சுற்றுக்கு முன் மெயிலில் சொன்னாலும் போதும் என்று விட்டுவிடுவேன்.

ஒருமுறை ஒரு டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு அழைத்தார்கள். இரண்டாவது கேள்விக்கு “முழுக்கப் புது இடம்” என்றார் ரெக்ரூட்டர். குரலில் நல்ல உற்சாகம். இரண்டு நாள் கழித்து மூன்றாவது கேள்விக்கு மெயில் வந்தது: போன வருஷம் ஆறு பேர், இப்போது மேலாளரோடு சேர்த்து நான்கு பேர். மேலாளர் வந்து ஐந்து மாதம்.

ஆறு நான்காகக் குறைந்த டீமில் புது இடம் எப்படி வந்தது? ரெக்ரூட்டர் பொய் சொல்லவில்லை. ஒருவர் தினசரி ரிப்போர்ட் பார்த்திருக்கிறார், இன்னொருவர் டேட்டாவைச் சுத்தம் செய்திருக்கிறார். இருவரும் போன பிறகு அந்த இரண்டு இடங்களையும் மூடிவிட்டு, இரண்டு வேலையையும் சேர்த்துப் புதுப் பெயரில் ஒரே இடமாகத் திறந்திருந்தார்கள். படிவத்தில் அது புது இடம்தான். இரண்டாவது கேள்வியோடு நிறுத்தியிருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

அப்படிக் குறைத்ததில் நியாயமும் இருக்கலாம். பாதி ரிப்போர்ட்டை நிறுத்தியிருக்கலாம், வேறு டீமுக்குத் தள்ளியிருக்கலாம். ரெக்ரூட்டருக்கு அவ்வளவு தூரம் தெரியாது என்பதால் அடுத்த சுற்றில் மேலாளரையே கேட்டேன்: “அந்த இரண்டு பேர் செய்த வேலையில் எது நின்றது, எது தொடர்கிறது?”

“எதுவும் நிற்கல” என்றார். இப்போது யார் பார்க்கிறார்கள் என்றேன். “நான்தான், ராத்திரி உட்கார்ந்து” என்று சிரித்தார். நல்ல மனுஷன். ஆனாலும் மறுநாள் காலை ரெக்ரூட்டருக்கு ‘வேண்டாம்’ என்று மெயில் அனுப்பிவிட்டேன்.