மீன் விலையா, மீன் வலையா: படத்தைத் திருத்துவதா, மறுபடி எடுப்பதா?

பாம்பனில் படகிலிருந்தபடியே அண்ணன் ஒரு அச்சிட்ட நோட்டீஸைப் படமெடுத்து, ஆங்கிலத்தில் வேண்டும் என்று அனுப்பினார். ‘மீன் விலை’ என்ற தலைப்பை மொழிபெயர்ப்பு ஆப் ‘மீன் வலை’ என்று படித்திருந்தது. மங்கலில் ‘வி’யின் மேல்சுழி கரைந்துபோய் ‘வ’ மட்டும் மிஞ்சியதுதான் காரணம். புள்ளியும் இப்படித்தான் காணாமல் போகும்.

படம் சாய்ந்து மட்டும் இருந்தால், இருப்பதையே திருத்தலாம். சாய்வில் ஒரு வரியின் சுழியையும் புள்ளியையும் ஆப் மேல்வரியோடு சேர்த்துப் படித்துவிடலாம். போனின் எடிட்டில் வரிகளை நேராக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மங்கலுக்கு அது உதவாது. கூர்மையைக் கூட்டினால் ஓரங்கள் தடிக்கும், அழிந்த சுழி திரும்பாது. மறுபடி எடுப்பதே நல்லது. முதலில் லென்ஸைத் துடையுங்கள், கடற்காற்றின் உப்புப் படலமே பாதி மங்கல். அப்புறம் தாளை நிழலில் பலகைமேல் விரித்து, காற்றில் தூக்காதபடி மூலைகளில் கல் வையுங்கள். போனைத் தாளுக்கு நேர்மேலே பிடித்து, எழுத்தின்மேல் தொட்டு ஃபோகஸ் செய்யுங்கள். எடுத்ததும் பெரிதாக்கிப் பாருங்கள்: ‘ன்’ மேல் புள்ளி தனியாகத் தெரிந்தால் மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கலாம்.