அபிடவிட் படத்தை அனுப்பி மொழிபெயர்ப்பு வாங்கப் போகிறீர்களா? பாரிமுனையில் எங்களுக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

பத்திரத்தாளில் எழுதிய அபிடவிட்டை ஆங்கிலத்தில் மாற்ற வேண்டியிருப்பவர்கள், அதிலும் மூலம் கையில் இல்லாமல் போனில் எடுத்த படத்தை மட்டும் வைத்திருப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். "சர்டிஃபைடு டிரான்ஸ்லேஷன், அரை நாளில்" என்று பாரிமுனைப் பக்கம் போர்டு வைத்திருக்கும் ஒரு கடை எங்களிடம் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்த தாளில், பத்திரத்தில் இல்லாத தேதி இருந்தது, எங்கள் அம்மா போடாத கையெழுத்து இருந்தது. கடையின் பெயரை எழுதவில்லை. எந்தக் கடையாக இருந்தாலும் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம்.

விஷயம் இதுதான். அம்மாவின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, எங்கள் பள்ளிச் சான்றிதழ்களில் வீட்டில் கூப்பிடும் பெயராகச் சுருக்கி ஒரு மாதிரி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று 2019இல் 20 ரூபாய் பத்திரத்தில் தமிழில் ஒரு பிரமாண வாக்குமூலம் எழுதி, நோட்டரி முன்னிலையில் அம்மா கைரேகை வைத்தார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மூலம் இப்போது வெளிநாட்டில் இருக்கும் தம்பியிடம். அம்மாவை அங்கே அழைத்துப் போக விசாவுக்கு இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்டார்கள். தம்பி ராத்திரி வீட்டு வெளிச்சத்தில் ஃபிளாஷ் போட்டு முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பினான். அதைக் கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். "இது போதுமா, வேற படம் வேணுமா?" என்று கேட்டதற்கு "சூப்பரா இருக்கு சார், போதும்" என்று பதில் வந்தது. சாயங்காலமே தாள் ரெடி. விண்ணப்பத்தோடு வைத்தோம், திரும்பி வந்துவிட்டது. மூலத்தில் உள்ள தேதியும் மொழிபெயர்ப்பில் உள்ள தேதியும் ஒத்துப்போகவில்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள்.

அதற்கப்புறம்தான் ராயபுரத்தில் ஒரு பெரியவரிடம் இரண்டு தாளையும் கொண்டுபோய்க் காட்டினேன். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வரி வரியாக வைத்துப் பார்த்தார்.

முதலில் தேதி. ஒரு பத்திரத்தாள் அபிடவிட்டில் ஒரு தேதி மட்டும் இருக்காது. மேலே, முத்திரைத்தாள் விற்பனையாளர் எழுதும் தொடர் எண், விற்ற தேதி, யாருக்கு விற்றார் என்ற பெயர். கீழே, வாக்குமூலம் கொடுத்தவர் கையெழுத்தோ ரேகையோ வைத்த தேதி. அதற்கும் கீழே நோட்டரி தன் கையால் சீலுக்குப் பக்கத்தில் போடும் தேதி. எங்கள் பத்திரத்தை வாங்கியது 2019 ஜனவரியில், அம்மா ரேகை வைத்ததும் நோட்டரி சீல் போட்டதும் அக்டோபரில். நடுவில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் வேலை தள்ளிப்போனது. கடைக்காரர் விற்பனையாளரின் வரியை முழுசாக விட்டுவிட்டார். அதோடு நிற்காமல் அந்த ஜனவரி தேதியை எடுத்துக் கீழே "என் முன்னிலையில் உறுதிகூறிய நாள்" என்ற இடத்தில் போட்டிருந்தார். ஏன் என்று கேட்டபோது அவர் சொன்ன பதில்தான் என்னை உறைய வைத்தது. "ஆறு மாசம் தாண்டின பத்திரம் செல்லாது சார். ரெண்டு தேதியும் அப்படியே போட்டா ரிஜெக்ட் ஆகும். உங்க நல்லதுக்குத்தான் ஒண்ணாக்கினேன்."

முதல் விஷயம், அவர் சொன்ன ஆறு மாசக் கதையே தப்பு. இந்திய முத்திரைச் சட்டத்தின் 54ஆவது பிரிவில் வரும் ஆறு மாதம், பயன்படுத்தாத முத்திரைத்தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதற்கான கெடு. பழைய தாளில் எழுதினால் செல்லாது என்று அதற்கு அர்த்தமில்லை. திருவேங்கடம் பிள்ளை எதிர் நவநீதம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது, அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. ஆனால் அது கூட இரண்டாம்பட்சம். பத்திரம் செல்லுமா செல்லாதா என்று பார்ப்பது மொழிபெயர்ப்பவரின் வேலையே இல்லை. ஜனவரி என்று இருந்தால் ஜனவரி, அக்டோபர் என்று இருந்தால் அக்டோபர். மூலத்திலேயே ஒரு எழுத்துப்பிழை இருந்தால்கூட அதை அப்படியே காட்டிப் பக்கத்தில் "மூலத்தில் உள்ளபடி" என்று குறிக்க வேண்டும். தேதியை ஒன்றாக்கியதால் ஆன காரியம், வயதான ஒரு பெண்மணி ஜனவரியில் போகாத நோட்டரியிடம் ஜனவரியில் போய் உறுதிமொழி கொடுத்ததாக ஒரு தாள் உருவானது. மூலத்தோடு ஒப்பிடுகிற எந்த அதிகாரிக்கும் இது மோசடி மாதிரிதான் தெரியும், பழி விழுவது எங்கள் மேல்.

அடுத்தது கைரேகை. தமிழ் மூலத்தின் அடியில் இப்படி இருக்கிறது: "மேற்படி வாக்குமூலம் அவருக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டு, அதிலுள்ள விவரங்களை அவர் நன்கு புரிந்துகொண்டு, என் முன்னிலையில் தன் இடது கைப் பெருவிரல் ரேகையைப் பதித்தார்." அதற்குக் கீழே அம்மாவை அடையாளம் காட்டிய வழக்கறிஞரின் கையெழுத்து. கடைத் தாளில் இந்த வாக்கியமே கிடையாது. எல்லா அபிடவிட்டுக்கும் அவர்கள் வைத்திருக்கும் ஒரே அச்சு வரி, "இன்ன தேதியில் என் முன்னிலையில் கையொப்பமிட்டார்" என்பது மட்டும். அடையாளம் காட்டியவர் காணோம்.

சும்மா அலங்காரத்துக்கு எழுதுகிற வரி என்று இதை நினைக்காதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் ரேகை வைத்த தாளில், உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துதான் வைத்தார் என்பதற்கு இருக்கும் ஆதாரமே அந்தப் படித்துக் காட்டிய வரிதான். அதை எடுத்துவிட்டுக் கையொப்பம் என்று போட்டால், விசா நேர்காணலில் அம்மாவிடம் "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒரு தாளை நீட்டினால் என்ன ஆகும்? கையெழுத்துப் போடத் தெரியாதவர் எப்படி அபிடவிட்டில் போட்டார் என்ற கேள்வி வரும். அந்த நேரத்தில் அங்கே கடைக்காரர் இருக்க மாட்டார், அம்மா தனியாக நிற்பார்.

மூன்றாவது, நோட்டரியின் வட்டச் சீல். அதில் நோட்டரியின் பெயர், பகுதி, பதிவு எண் எல்லாம் இருக்கும். தம்பி எடுத்த படத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் சரியாகப் பதிவு எண் மேல் விழுந்து பாதி வெள்ளையாகிவிட்டது. கடைத் தாளிலோ எண் முழுசாக, தயக்கமே இல்லாமல் இருக்கிறது. பிறகு தம்பி பகலில் எடுத்து அனுப்பிய படத்தோடு ஒப்பிட்டால் கடைசி இரண்டு இலக்கமும் தப்பு. ஊகித்துப் போட்டிருக்கிறார்கள். உங்களுக்கு வந்த மொழிபெயர்ப்பு ஒழுங்கானதா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்து இதைவிட எளிய வழி இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் கண்ணுக்கே படிக்க முடியாத ஒன்று மொழிபெயர்ப்பில் தெளிவாக இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நேர்மையான ஆள் அந்த இடத்தில் "தெளிவில்லை" என்று அடைப்புக்குறியில் போடுவார், இல்லையென்றால் வேறு படம் கேட்பார்.

இவ்வளவும் செய்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் சிவப்பாக, பெரிசாக ஒரு நோட்டரி சீல் குத்தியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் எல்லாரும் நம்பிவிடுகிறோம். சீலுக்கு மேலே இருப்பதைப் படியுங்கள். எங்கள் தாளில் இருந்தது "ட்ரூ காப்பி". ஒரு நகல் அதன் மூலத்தோடு ஒத்திருக்கிறது என்று சொல்லும் சீல் அது. ஆங்கிலத் தாள் தமிழ்த் தாளுக்கு நகல் இல்லை, அதனால் அந்தச் சீல் அங்கே எதையுமே உறுதி செய்யவில்லை. 1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம், 8ஆவது பிரிவில், மொழிபெயர்ப்பதையும் ஒரு மொழிபெயர்ப்பைச் சரிபார்த்து உறுதி செய்வதையும் நோட்டரியின் வேலைகளில் ஒன்றாகவே சொல்கிறது. ஆக முறையாகச் செய்ய வழி இருக்கிறது. ஆனால் அப்படிச் செய்தால் அதை அந்த வார்த்தைகளிலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும். மொழிபெயர்த்தவர் யார் என்ற பெயரும் கையெழுத்தும் எங்கள் தாளில் எங்குமே இல்லை.

பெரியவர் செய்து கொடுத்ததைச் சொல்கிறேன், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். முதலில் படங்களைத் திரும்ப எடுக்கச் சொன்னார். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், தாளைத் தரையில் வைத்து நேர் மேலிருந்து, நான்கு மூலையும் தெரிகிற மாதிரி ஒன்று. ஒவ்வொரு சீலுக்கும் கிட்டத்தில் ஒன்று. பின்பக்கம் காலியாக இருந்தாலும் அதையும் ஒன்று. எங்கள் பத்திரத்தின் பின்பக்கம் காலியாகவும் இல்லை, விற்பனையாளரின் பெயரும் உரிம எண்ணும் உள்ள சீல் அங்கேதான் இருந்தது. கடையில் யாரும் பின்பக்கத்தைக் கேட்கவே இல்லை.

அவருடைய மொழிபெயர்ப்பு பத்திரத்தின் தலையிலிருந்தே தொடங்கியது. 20 ரூபாய் என்ற மதிப்பு, தாளின் எண், விற்பனையாளரின் வரி, வாங்கியவர் பெயர். வாங்கியது நான் என்பதால் என் பெயர்தான் அங்கே இருக்கும், அதை அம்மா பெயராக மாற்றவில்லை. சீல்களை வரைந்து காட்டாமல், "வட்ட முத்திரை" என்று அடைப்புக்குறியில் எழுதி அதற்குள் உள்ள எழுத்துகளைக் கொடுத்தார். ரேகை இருந்த இடத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை என்று எழுதினார். "எனக்குத் தெரிந்தவரை உண்மை" என்று அம்மா சொன்ன பத்தியையும், தன் தகப்பனார் சொல்லக் கேட்டு நம்புவதாகச் சொன்ன பத்தியையும் தனித்தனியாகவே வைத்தார். கடைத் தாளில் இரண்டும் ஒன்றாகக் கலந்து, அம்மா எல்லாவற்றையும் நேரில் கண்டதாக ஆகியிருந்தது. கடைசியில் தனி உறுதிமொழி: இரண்டு மொழியும் தெரியும், இது முழுமையான மொழிபெயர்ப்பு, மூலத்தைப் பார்க்காமல் புகைப்படங்களைப் பார்த்துச் செய்தது, பெயர், முகவரி, தேதி, கையெழுத்து. "புகைப்படத்தைப் பார்த்து" என்று போட்டால் தள்ளிவிட மாட்டார்களா என்று கேட்டேன். "மூலத்த பாத்தேன்னு பொய் எழுதினாதான் தம்பி பிரச்சன. அவங்க மூலத்த உங்க தம்பிகிட்ட வாங்கிப் பாத்துக்குவாங்க" என்றார். அதை வைத்துத் திரும்ப விண்ணப்பித்தோம், இந்த முறை ஏற்றுக்கொண்டார்கள்.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். "எந்தத் தேதி வேணும்னு சொல்லுங்க, மாத்தி அடிச்சுத் தரேன்" என்றார், அவ்வளவுதான். பில்லும் தரவில்லை. ஜிபேயில் பணம் போன விவரமும், "போதும்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் பதிலும் என்னிடம் இருப்பதால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். இதே மாதிரி தாள் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் அந்தப் பேச்சுகளை அழித்துவிடாதீர்கள். இன்னும் எங்கும் கொடுக்கவில்லை என்றால், கொடுப்பதற்கு முன் தேதிகளையும் ரேகை வரியையும் சீல் எண்ணையும் படத்தோடு வைத்துப் பாருங்கள்.