அப்பளம் கருகாமல், ஒரே சீராகப் பொரிய: எண்ணெய், அடுப்புத் தீ, மைக்ரோவேவ்

உளுந்து அப்பளத்தை மூன்று விதமாகவும் வருடக்கணக்கில் செய்து பார்த்ததில், பாதிக் குறை அடுப்பில் இல்லை, அப்பளத்தின் ஈரத்தில்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் கொஞ்ச ஈரம் ஆவியாகித்தான் கொப்புளம் எழும்புகிறது. மழைக்காலத்தில் அது கூடிவிட்டால் அப்பளம் துணி மாதிரி வளையும். நடு பொரியட்டும் என்று காத்திருப்பதற்குள் ஓரம் சிவந்துவிடும். அரைமணி நேரம் வெயிலில் போட்டால் போதும். அளவுக்கு மீறிக் காய்ந்தாலோ, கையிலேயே உடையும், சரியாக உப்பாது.

எண்ணெயில் பொரிக்க, அப்பளத்தைவிட அகலமான வாணலி வேண்டும். பொரியும்போது அது விரியும். இடம் இல்லாவிட்டால் ஓரம் மடங்கி, மடிப்புக்குள் வேகாமல் நிற்கும். ஒரு துணுக்கைக் கிள்ளிப் போடுங்கள். உடனே மேலே வந்து வெளுத்து விரிந்தால் சூடு சரி. அடியிலேயே கிடந்தால் அப்பளம் எண்ணெய் குடிக்கும். போட்டதுமே சிவந்தால் அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். அப்பளத்தைப் போட்டதும் ஜல்லிக்கரண்டியால் நடுவில் லேசாக அமுக்கி, ஒரு தடவை திருப்பி எடுத்துவிட வேண்டும். எல்லாம் சில நொடிதான். வெளிர் மஞ்சளாக இருக்கும்போதே எடுங்கள். வெளியே வந்த பிறகும் நிறம் ஏறும்.

பலர் கவனிக்காத ஒன்று, ஒட்டாமலிருக்கத் தூவிய மாவு. தட்டாமல் போட்டால் அது எண்ணெயின் அடியில் கருகி, பத்தாவது அப்பளத்தில் கரும்புள்ளியாக ஒட்டும். அப்பளம் கருகிவிட்டது என்று நினைத்துத் தீயைக் குறைத்தால் அடுத்தது எண்ணெய் குடிக்கும். ஒவ்வொன்றையும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போட்டால் எண்ணெய் கடைசிவரை தெளிவாக இருக்கும்.

தீயில் சுட, நடுத்தரத் தீக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே இடுக்கியால் பிடித்து, முதலில் ஓரத்தைச் சுற்றிக் காட்டுங்கள். நடுவை முதலில் காட்டினால் அப்பளம் கிண்ணம் போலக் குவிந்து, பிறகு ஓரத்தில் தீ படாது. ஒரே இடத்தில் இரண்டு நொடிக்குமேல் நிறுத்தக் கூடாது. கண்ணாடி போல மங்கலாகத் தெரியும் இடம் இன்னும் பச்சை. சுட்ட இடம் வெளுத்துக் கொப்புளிக்கும். இடுக்கி பிடித்த இடம் எப்போதும் பச்சையாகவே மிஞ்சும், பிடியை மாற்றி அதையும் காட்டுங்கள்.

மைக்ரோவேவில் சூடு திட்டுத் திட்டாகத்தான் விழும். சுழலும் தட்டின் நட்டநடுவில் வைத்தால் அந்த ஒரே இடம் கருகும். சற்று ஓரமாக, ஒரு தடவைக்கு ஒன்று மட்டும் வையுங்கள். இரண்டு பக்கமும் துளி எண்ணெய் தடவினால் சீராகப் பொரியும். 800 வாட்டில் 20 நொடி, திருப்பி மறுபடி 10 முதல் 15 நொடி. எடுக்கும்போது கொஞ்சம் மெத்தென்று இருந்தால் பயப்பட வேண்டாம், ஆறினால் மொறுமொறுப்பாகிவிடும். உள்ளேயே மொறுமொறுப்பாகட்டும் என்று விட்டால்தான் நடுவில் பழுப்புத் திட்டு விழுந்து கசக்கும். ருசிக்கு எண்ணெய்தான் முதலில், ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள என்றால் சுட்டது. மைக்ரோவேவ் ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் சரி.