கல்யாண போட்டோவுல செத்துப்போனவங்கள சேர்க்க குடுக்குறவங்க இத படிச்சிட்டு குடுங்க

தம்பி கல்யாணம் ஹட்டன் பக்கத்துல எங்க தோட்டத்து கோயில்லதான் நடந்துச்சு. எங்க அப்பாயி அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே போயிட்டாங்க, அவங்கள கல்யாண போட்டோவுல சேர்க்கணும்னு அப்பாவுக்கு ஒரே ஆசை. டவுன்ல ஒரு ஸ்டூடியோவுல கேட்டோம், பேரு சொல்லல, சொன்னா அது வேற பிரச்சனையாகும். 8,500 ரூபா கேட்டாங்க, அட்வான்ஸ் 5,000 கட்டினோம். வாட்ஸ்அப்புல மாதிரி அனுப்புனாங்க, போன்ல பாத்தோம், அப்பாயி மாமாவுக்கு பக்கத்துல பின் வரிசையில நிக்கிறாங்க, அப்பா அழுதே போட்டாரு. சரி பிரிண்ட் போடுங்கன்னு மிச்ச சல்லியையும் குடுத்துட்டோம். அதுதான் நாங்க செஞ்ச மடத்தனம்.

16க்கு 24 இஞ்ச் பிரேம் வந்துச்சு. சுவத்துல மாட்டிட்டு ரெண்டு எட்டு பின்னுக்கு வந்து பாத்தா, தம்பியும் அவன் பொஞ்சாதியும் பளிச்சுனு இருக்காங்க, பின்னுக்கு இருக்க மாமா சித்தி எல்லாரும் லேசா மங்கலா, கேமராக்காரங்க வேணும்னே அப்பிடி எடுப்பாங்கல்ல அந்த மாதிரி. அவங்களுக்கு நடுவுல அப்பாயி மட்டும் புருவ முடி எண்ணலாம் போல அவ்வளவு கூர்மையா. அட்டையில வெட்டி நிக்க வச்ச கட்அவுட் மாதிரி. சின்ன பொடியன் ஒருத்தன் "அம்மம்மாவ ஒட்டி வச்சிருக்காங்களா"ன்னு கேட்டான், அப்பாவுக்கு மொகம் செத்துப்போச்சு.

போன்ல ஏன் தெரியலன்னு அப்பறம்தான் வெளங்குச்சு. அந்த பின் வரிசை மங்கல் ஒரிஜினல் பைல்ல 20 பிக்சல் அளவு. 6000 பிக்சல் அகலத்த 24 இஞ்சுக்கு அடிச்சா இஞ்சுக்கு 250 பிக்சல், அப்ப அந்த 20 பிக்சல் சுவத்துல 2 மில்லிமீட்டர். அதே படம் 7 சென்டிமீட்டர் அகல போன் ஸ்கிரீன்ல கால் மில்லிமீட்டர்கூட வராது. மங்கலுக்கும் கூர்மைக்கும் வித்தியாசமே தெரியாத சைஸ்ல காட்டிதான் ஓகே வாங்குறாங்க.

திருப்பி கொண்டு போனேன். "பிளர் பண்ணி தாரோம் அண்ணே"ன்னாங்க. ஒரு கிழமை கழிச்சு ரெண்டாவது பிரிண்ட். இந்த தடவ மொகம் மாவு மாதிரி குழஞ்சிருக்கு, ஆனா தோள், தலை, சேலை ஓரம் எல்லாம் கத்தியால வெட்டின மாதிரி அப்பிடியே. கேட்டா பிளர் போட்டுட்டோமேங்குறான். மூணாவதுல ஓரத்தையும் மங்கலாக்குனாங்க, ஆனா அப்பாயி பழைய போட்டோவோட நீல சுவர் ஓரத்துல ஒட்டிக்கிட்டு வந்துச்சு, தலைய சுத்தி நீல ஒளிவட்டம், சாமி படம் மாதிரி. அதோட அவங்க பச்ச சேலை கசிஞ்சு முன்னுக்கு நிக்கிற பொண்ணோட தோள்ல ஏறிடுச்சு. அதுக்கப்பறம் போனே எடுக்கல.

கொழும்புல பிரிண்டிங் பிரஸ்ல டிசைன் வேலை செய்ற மச்சான் ஒருத்தன் தீவாளிக்கு வந்தான். கேமராக்காரன்கிட்ட கெஞ்சி ஒரிஜினல் பைல வாங்கி அவன்கிட்ட குடுத்தேன், பக்கத்துலயே உக்காந்து பாத்தேன்.

அவன் அப்பாயிய தொடவே இல்ல முதல்ல. மாமாவோட வாட்ச்ச பெருசாக்குனான். வாட்ச் கண்ணாடியில வெயில் பட்ட புள்ளி அங்க ஒரு சின்ன வட்டமா விரிஞ்சிருந்துச்சு, அத அளந்தா குறுக்க 20 பிக்சல் கிட்ட. "இதுதான் அளவுகோல், அப்பாயி மாமாவுக்கு பக்கத்துல நிக்கிறாங்கன்னா அவங்க மேல இருக்க ஒவ்வொரு புள்ளியும் இந்தளவுதான் விரியணும், எனக்கு புடிச்ச அளவு இல்ல"ன்னான். பைல்லயே 50 எம்எம் லென்ஸ், லென்ஸ் தொறந்திருந்த அளவு எஃப் 2.8ன்னு எழுதியிருக்கு, மணமக்கள் கேமராவுல இருந்து 4 மீட்டர், பின் வரிசை 6 மீட்டர்னு வச்சு கணக்கு போட்டான், அந்த கேமரா சென்சாருக்கு அதுவும் 20 பிக்சல்தான் வந்துச்சு. பின்னாடி தேயில செடிக்கு கிட்ட நின்னிருந்தா இன்னும் கூட மங்கணும், முன்னுக்கு வந்தா குறையணும். நிக்கிற இடத்த முடிவு பண்ணாம மங்கல் அளவ முடிவு பண்ண முடியாதாம்.

அப்பறம் அப்பாயிய சரியான சைஸுக்கு கொண்டு வந்தான், மொகம் மாமா மொகத்தளவு, கிட்டத்தட்ட 490 பிக்சல் உயரம். மங்கலாக்கிட்டு சைஸ் மாத்துனா மங்கலும் சேந்து மாறிடும், அதனால சைஸ்தான் முதல்ல. பழைய போட்டோ ஸ்கேன் வேற ஏற்கனவே கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும், அதையும் கழிச்சிதான் பாக்கணும். அடுத்தது ஓரத்துல ஒட்டியிருந்த நீலத்த சுத்தமா எடுத்தான், இல்லாட்டி மங்கலாக்கும்போது அதுவும் சேந்து பரவி ஒளிவட்டமாகும். ஸ்டூடியோக்காரன் மூணாவது தடவ அங்கதான் கோட்ட விட்டான். ரெண்டாவது தடவ என்ன நடந்துருக்கும்னா அப்பாயி இருக்க லேயர்ல அவங்கள சுத்தி இருக்க வெறும் எடத்த பூட்டி வச்சிட்டு பிளர் போட்டுருப்பான், அப்ப உள்ளுக்குள்ள மட்டும்தான் குழையும், ஓரம் அசையாது.

பொண்ணு தோள் மறைக்கிற எடத்துல அப்பாயிய வெட்டவே கூடாதாம். முழுசா விட்டு மங்கலாக்கிட்டு, அதுக்கு மேல தோள கூர்மையா வைக்கணும், ஏன்னா முன்னுக்கு இருக்கவ போகஸ்ல இருக்கா, அவ ஓரம் எப்பவும் கூர்மைதான்.

எனக்கு ஆச்சரியமா இருந்தது அப்பாயியோட மூக்குத்திதான். முதல்ல போட்டோஷாப்புல `Gaussian Blur` போட்டு காட்டுனான், மூக்குத்தி மினுக்கம் அப்பிடியே கரைஞ்சு காணாம போச்சு. பக்கத்துல மாமா வாட்ச் மட்டும் வட்டமா மின்னுது. லென்ஸ் ஒரு புள்ளிய சரிசமமான வட்டமா விரிக்கும், இந்த பிளர் நடுவுல கூட்டி ஓரத்துல குறைச்சு பூசும், அதனால அளவு சரியா இருந்தாலும் கண்ணுக்கு வேறயா தெரியும். `Lens Blur` எடுத்து ரேடியஸ் 10 பக்கம் வச்சான், வட்டத்துல பாதி. அப்பவும் மூக்குத்தி மங்கித்தான் இருந்துச்சு, ஏன்னா நெசத்துல அந்த மினுக்கம் வெள்ளைய விட பல மடங்கு வெளிச்சம், பைல்ல வெறும் வெள்ளையாத்தான் பதிஞ்சிருக்கு, 20 பிக்சலுக்கு பரப்புனா ஒண்ணும் மிஞ்சாது. `Lens Blur`லயே இருக்க `Specular Highlights`ல அந்த ஒரு புள்ளிக்கு மட்டும் வெளிச்சம் ஏத்திட்டு திரும்ப போட்டான். சின்ன வட்டமா பூத்து வந்துச்சு பாருங்க, வாட்ச்ல இருக்கது மாதிரியே.

கடைசியா `Add Noise`. கேமராவோட பொடிப்பொடி புள்ளி மங்கலான எடத்துலயும் இருக்கும், மங்கலாக்குன அப்பாயி மேல மட்டும் அது அழிஞ்சு பிளாஸ்டிக் மாதிரி வழவழன்னு இருந்தாங்க, மாமா சட்டையோட வச்சு பாத்து லேசா தூவுனான்.

ஸ்டூடியோவுக்கு மூணு தடவ ஏழு கட்டை எறங்கி ஏறுன பஸ் காசு வேற. குடுக்குறதா இருந்தா மாதிரிய போன்ல பாத்து ஓகே சொல்லாதீங்க, அவங்க கம்பியூட்டர்ல 100%ல போட சொல்லி, சேர்த்த ஆளோட தோள் ஓரத்தையும் பக்கத்துல நிக்கிறவங்க தோள் ஓரத்தையும் ஒண்ணா வச்சு பாருங்க, ரெண்டும் ஒரே மாதிரி கரையாம மிச்ச சல்லிய குடுக்காதீங்க. எங்க 8,500 திரும்பி வரல. மச்சான் பண்ணுனத புதுசா பிரிண்ட் போட்டு அதே பிரேம்ல மாட்டிட்டோம், அந்த பொடியன் வந்து பாத்துட்டு ஒண்ணும் கேக்கல.