சீருடைச் சட்டைக்கு மிக்ஸ் துணி: எல்லாம் நன்று, அக்குள் ஒன்றைத் தவிர

பையன் ஆறாம் வகுப்புக்குப் போகிறான், வெயில் காலத்துக்குச் சீருடைச் சட்டை காட்டனில் எடுக்கட்டுமா, மிக்ஸில் எடுக்கட்டுமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். மிக்ஸ் சட்டையை ஒரு கல்வியாண்டு முழுக்கத் துவைத்து, காயப்போட்டு, இஸ்திரி போட்டுப் பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள்: அக்குள். நானும் அங்கேதான் நிற்கிறேன்.

முதலில் மிக்ஸுக்குச் சேர வேண்டிய நல்ல பெயரைக் கொடுத்துவிடுகிறேன். சீருடைச் சட்டைக்குப் பரவலாகக் கிடைப்பது 65 பங்கு பாலியெஸ்டர், 35 பங்கு காட்டன். இரவு துவைத்துப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். லேசாகத் தேய்த்தாலே விறைப்பாக நிற்கும், மாலை வரை பெரிதாகக் கசங்காது. துவைத்துத் துவைத்தும் அளவு மாறாது, முழங்கையில் கிழியாது. பள்ளி நாட்களில் தினமும் சட்டை துவைக்கும் வீட்டில் இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. கணக்குப் போட்டால் மிக்ஸ்தான் ஜெயிக்கும்.

எரிச்சல் சில மாதம் கழித்து ஆரம்பிக்கும். சட்டையைச் சுத்தமாகத் துவைத்தாயிற்று, வெயிலில் காய்ந்தாயிற்று, மூக்கருகே வைத்தால் ஒரு வாடையும் இல்லை. போட்டுக்கொண்டு கிளம்பி, உடம்புச் சூடு ஏறி லேசாக வியர்த்ததும், நேற்றைய வியர்வை நாற்றம் அப்படியே எழுந்து வருகிறது. பையன் ஒழுங்காகக் குளிக்கவில்லை, சட்டையைச் சரியாகத் துவைக்கவில்லை என்று ஒருவரை ஒருவர் குறை சொல்வதுதான் நடக்கும். இரண்டுமே காரணம் இல்லை. குற்றம் நூலில் இருக்கிறது.

காட்டன் நூல் தண்ணீரை உள்ளே இழுக்கும். சாதாரணக் காற்றில் இருக்கும்போதே 100 கிராம் காட்டன் 7, 8 கிராம் ஈரத்தைத் தனக்குள் வைத்திருக்கும். அதே எடை பாலியெஸ்டரில் அரை கிராம்கூட இருக்காது. தண்ணீரை ஒதுக்கும் பாலியெஸ்டர் எண்ணெயை மட்டும் இறுகப் பிடித்துக்கொள்ளும். தோலில் ஊறும் எண்ணெயும், அதோடு சேர்ந்த நாற்றப் பொருட்களும் அதன் மேல் படிந்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் அலசும்போது உப்பும் அழுக்கும் போகும், எண்ணெய்ப் படலம் போகாது. ஒவ்வொரு துவைப்பிலும் கொஞ்சம் மிஞ்சி, மேலும் மேலும் ஏறும். பிறகு சூடு பட்டதும் ஆவியாகிக் கிளம்பும்.

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை நேராகவே சோதித்தது. 26 பேர் உடற்பயிற்சி செய்து வியர்த்த டி-ஷர்ட்டுகளை எடுத்து வைத்து, மறுநாள் முகர்ந்து பார்த்தார்கள். காட்டனைவிட பாலியெஸ்டர் மோசமாக நாறியது. நாற்றத்தோடு தொடர்புடைய மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியாவும் பாலியெஸ்டரில் அதிகம் வளர்ந்திருந்தது.

இந்த இடத்தில்தான் பிள்ளையின் வயதைப் பார்க்க வேண்டும். அக்குளில் நாற்றத்துக்கு மூலப்பொருள் தரும் வியர்வைச் சுரப்பிகள் பருவமடையும் காலத்தில்தான் வேலை செய்யத் தொடங்கும். ஏழு வயதுக் குழந்தையின் சட்டை எவ்வளவு நனைந்தாலும் பெரும்பாலும் அந்த நாற்றம் வராது. அதனால் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு மிக்ஸ் சட்டை எடுப்பதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஆறாம் வகுப்பையொட்டித்தான் கதை மாறுகிறது. நண்பரின் கேள்வி சரியான நேரத்தில்தான் வந்திருக்கிறது.

சட்டையில் படலம் ஏறிவிட்டதா என்று பார்ப்பது சுலபம். துவைத்துக் காய்ந்த சட்டையின் அக்குள் பகுதியை உட்புறமாகத் திருப்பி, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் தேயுங்கள். ஆவியோடு வாடை வந்தால் உள்ளே எண்ணெய் தங்கியிருக்கிறது. அடுத்து, முதுகுப் பக்கம் ஒரு சொட்டு, அக்குளில் ஒரு சொட்டு என்று தண்ணீர் விட்டுப் பாருங்கள். முதுகில் சட்டென்று பரவும் சொட்டு அக்குளில் முத்தாக நின்றால் சந்தேகமே வேண்டாம். பல சட்டைகளில் அந்த இடத்தைத் தடவினாலே மெழுகு பூசியது போல விறைப்பாக இருக்கும்.

அந்த எண்ணெய்ப் படலத்தை எடுக்கும் வழி இது. வெள்ளைச் சட்டையை உள்வெளியாகத் திருப்பி, அக்குளிலும் காலரின் உள்மடிப்பிலும் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில சொட்டுகள் விட்டு, பழைய மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து கால் மணி நேரம் விடுங்கள். எண்ணெயை உடைப்பது இதுதான். பிறகு 4 லிட்டர் வெந்நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சோடியம் பெர்கார்பனேட் கரைத்து, சட்டையை மூழ்க வைத்து இரண்டு, மூன்று மணி நேரம் ஊறவிடுங்கள். ‘ஆக்சிஜன் பிளீச்’ என்று விற்பது இதை வைத்துச் செய்ததுதான். தண்ணீர் கை பொறுக்காத அளவு சூடாக, 50 முதல் 60 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குளிர்ந்த நீரில் இது மந்தமாகத்தான் வேலை செய்யும். வாளியை இறுக்கி மூட வேண்டாம், உள்ளே வாயு சேரும். ஊறிய பிறகு வழக்கம்போலத் துவைத்து, இரண்டு முறை அலசி, உள்பக்கம் வெளியே தெரியும்படி காயப்போடுங்கள். நிறச் சட்டையாக இருந்தால் வெந்நீரை 40 டிகிரியோடு நிறுத்தி, முதலில் உள்தையலில் ஓர் ஓரத்தை நனைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குளோரின் பிளீச் ஊற்றுவது தவறு. எண்ணெய்ப் படலத்துக்கு அது சரியான மருந்து இல்லை, கலவையில் இருக்கும் காட்டன் இழைதான் பலம் இழக்கும். துணி மென்மையாக்கும் திரவம் அதைவிட மோசம். அது தன் பங்குக்கு இன்னொரு படலத்தைப் பூசி, நாற்றத்தை வாசனையால் இரண்டு நாள் மூடி வைக்கும். வியர்வை நனைந்த சட்டையைக் கூடையில் சுருட்டிப் போட்டு வார இறுதியில் துவைப்பதும் அப்படித்தான். அன்றன்றைக்குத் துவைக்க முடியாவிட்டால் அலசியாவது காயப்போட வேண்டும்.

இதையெல்லாம் செய்தால் சட்டை மீளும். ஆனால் சில வாரங்களில் திரும்ப ஏறும், திரும்ப ஊறவைக்க வேண்டும். துவைப்பதைச் சுலபமாக்கத்தான் மிக்ஸ் வாங்கினோம்; அதற்கே வெந்நீர் போட்டு ஊறவைக்கச் சொல்கிறதே என்பதுதான் என் கோபம்.

காட்டன் குறையில்லாதது என்று சொல்ல வரவில்லை. நிறைய வியர்க்கும் பிள்ளைக்கு, காற்றில் ஈரம் மிகுந்த நாளில், அது நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும், சீக்கிரம் காயாது. தடித்த காட்டன் ட்வில் சட்டையைவிட மெல்லிய மிக்ஸ் சட்டையே சூட்டுக்கு நல்லது. அதனால் ‘காட்டன்’ என்ற லேபிளோடு நின்றுவிடாமல் எடையையும் கேளுங்கள். சட்டைக்குச் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கிராம் வரையுள்ள பாப்லின் போதும். அதைவிட மெல்லிசாகப் போனால் உள்ளே தெரியும், உடனே ஒரு பனியன் போடச் சொல்வோம், மிச்சப்படுத்திய காற்றோட்டம் போய்விடும்.

சுருங்குவதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். முன்சுருக்கம் செய்யாத காட்டன் முதல் சில துவைப்புகளில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு சுருங்கலாம். 34 சென்டிமீட்டர் காலரில் அது ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வரும். மேல் பொத்தான் போட முடியாமல் பிள்ளை கழுத்தைத் தடவிக்கொண்டே இருக்கும். தைக்கக் கொடுக்கும் முன் துணியை வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து, பிழியாமல் காயப்போட்டு, இஸ்திரி போட்டுக் கொடுங்கள். ‘கசங்காத காட்டன்’ என்று வருவதில் பெரும்பாலும் ரெசின் பூச்சு இருக்கும். அது இழையின் பலத்தைக் குறைப்பதால் காலர் மடிப்பும் கைமடிப்பு ஓரமும் சீக்கிரம் நைந்துபோகும். கொஞ்சம் கசங்கினாலும் பூச்சில்லாததே நீடிக்கும்.

கடைக்காரர் சொல்லும் சதவீதத்தில் நம்பிக்கை இல்லையென்றால் உள்தையல் ஓரத்திலிருந்து நான்கைந்து நூல் உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேல் கொளுத்திப் பாருங்கள். காட்டன் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியும் சாம்பலாகும். பாலியெஸ்டர் தீயைக் கண்டு சுருங்கி, உருகி, நசுக்க முடியாத கட்டியாகும். சாம்பலுக்குள் கெட்டியான மணிகள் தட்டுப்பட்டால் மிக்ஸ். நீளவாட்டு நூலையும் அகலவாட்டு நூலையும் தனித்தனியாகச் சோதியுங்கள், சில துணிகளில் இரண்டும் வேறு வேறாக இருக்கும்.

பேன்ட், பாவாடைக்கு இந்தப் பேச்சே வேண்டாம், மிக்ஸ் எடுங்கள். பாலியெஸ்டர் விஸ்கோஸ் கலந்தது மடிப்பை நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் வெளுக்காது. உட்காரும் இடம் பளபளக்காமல் இருக்க மேலே ஒரு காட்டன் துணி போட்டுத் தேய்த்தால் போதும். முழு பாலியெஸ்டர் சட்டையைப் பற்றி எழுதவே எனக்கு மனமில்லை.

ஆக, நல்ல குணங்களின் எண்ணிக்கையில் மிக்ஸிடம் தோற்றாலும் ஆறாம் வகுப்புப் பையனுக்குச் சட்டை காட்டன்தான் என்று நண்பருக்கு எழுதிவிட்டேன். பள்ளியே மிக்ஸ் துணிதான் என்று கட்டாயப்படுத்தினால், தையல்காரரிடம் சட்டையின் உள்ளே அக்குளில் மெல்லிய காட்டன் துண்டு ஒன்று வைக்கச் சொல்லுங்கள். பழைய காட்டன் சட்டைத் துணியே போதும். 12 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டமாக வெட்டி, சட்டைக்கை உடம்போடு சேரும் தையலின் மேல், பாதி கையிலும் பாதி உடம்புப் பக்கத்திலும் வரும்படி மடித்து வைத்து, சுற்றிலும் தளர்வாக ஓடுதையல் போட வேண்டும். வியர்வை முதலில் அதில் இறங்கும். நாற்றம் ஏறிவிட்டால் நூலைப் பிரித்து, சட்டையை விட்டுவிட்டுத் துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.